வலிக்காத கட்டி: வெட்டுவதா, விடுவதா?



இந்த முறை சுகாதாரப் பக்கத்தில், தோலுக்கு அடியில் சத்தமில்லாமல் வளர்கின்ற கட்டியைப் பற்றிப் பார்ப்போம். வலி இருக்காது. காய்ச்சல் இருக்காது. முதலில் கச்சான் கொட்டை அளவு இருந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் நெல்லிக்காய் அளவு ஆகியிருக்கும். குளிக்கும்போது கைக்குத் தட்டுப்படும், அவ்வளவுதான். இப்படிக் கட்டி உள்ளவர்கள் நம்முடைய லயங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் கேன்சராக இருக்குமோ என்று பயந்து தூங்காமல் கிடக்கிறார்கள். சிலர் ஊசியால் குத்திப் பார்க்கிறார்கள். இந்த இரண்டுமே தேவையில்லை.

இப்படி மெதுவாக வளரும் வலியில்லாத கட்டிகளில் அதிகமாகக் காணப்படுவது இரண்டு வகை. ஒன்று தோல் பைக் கட்டி. டாக்டர்மார் எப்பிடெர்மொயிட் சிஸ்ட் என்பார்கள். மற்றது கொழுப்புக் கட்டி, அதாவது லைப்போமா. வெளியில் பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே உள்ள சரக்கு வேறு, நடந்துகொள்ளும் விதமும் வேறு. வெட்டலாமா விடலாமா என்ற கேள்விக்கு விடையும் அதனால் வேறாகிறது.

ஒரே வீட்டில் இரண்டு கட்டி

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். பேர் வேண்டாம். அந்த அக்கா கொழுந்து எடுப்பவர், வயது முப்பத்தெட்டு. மேல் முதுகில், வலது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, எட்டு வருஷமாக ஒரு கட்டி. அவருடைய கணவர் கவ்வாத்து வெட்டுபவர். அவருக்கு இடது முழங்கைக்கு மேலே, கையின் பின்பக்கம், ஒரு கட்டி. தம்பதிகள் இரண்டு பேரும் ஒருநாள் என்னிடம் வந்தார்கள். பயந்தது கணவர்தான்.

"ஐயா, எனக்கு இதை உடனே வெட்டி எடுக்கணும். எங்க சித்தப்பா கேன்சர்ல போனவரு. இவளுக்கு உள்ளது சும்மா கட்டி, அது அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

தோட்டத்து வைத்திய உதவியாளர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சை கிளினிக்குக் கடிதம் கொடுத்தார். கணவர் மட்டும் போனார். அக்கா போகவில்லை. கொழுந்து நல்லாய் வருகிற மாதம், ஒரு நாள் பேர் போய்விடும் என்று நின்றுவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், இந்த இரண்டு கட்டியும் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

நம் தோலின் மேல்பகுதி எப்போதும் புதிதாக வளர்ந்து, பழையது செதிலாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. குளிக்கும்போது தேய்த்தால் உருண்டு வரும் அழுக்கில் அதுவும் இருக்கிறது. சில வேளை, முடி முளைக்கும் குழியின் வாய் அடைபட்டு, அந்த மேல்தோலின் ஒரு துண்டு உள்ளே மாட்டிக்கொண்டு சின்னப் பை மாதிரி ஆகிவிடும். உள்ளே மாட்டினாலும் அது தன் வேலையை விடாது. செதிலை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் செதில் உதிர்ந்து போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சேரும். அதனால்தான் அது வருஷக்கணக்காக மெதுவாக வளர்கிறது. உள்ளே இருப்பது வெள்ளையாக, ஊறின மா மாதிரி, கெட்ட வாடையோடு இருக்கும். பலர் அதைச் சீழ் என்று நினைக்கிறார்கள். அது சீழ் அல்ல, கொழுப்பும் அல்ல. செத்த தோல்.

கையில் முள் ஆழமாகக் குத்தினாலும், கத்தி பட்டாலும் மேல்தோல் துணுக்கு உள்ளே போய் இதே மாதிரிக் கட்டி பிறகு உண்டாகலாம். கவ்வாத்து வெட்டுபவர்களின் விரலிலும் உள்ளங்கையிலும் பழைய காயத்துக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் மேல் முதுகில் வரும் கட்டியைக் கூடைதான் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. கூடையே தூக்காத ஆட்களுக்கும் அதே இடத்தில் வருகிறது. கூடை செய்வது வேறு வேலை: இருக்கிற கட்டியைத் தினமும் உரசுகிறது.

கொழுப்புக் கட்டியின் கதை சுருக்கம். தோலுக்குக் கீழே எல்லோருக்கும் ஒரு கொழுப்புப் படை உண்டு. அதில் ஓரிடம் மட்டும் தனியாக வளர்ந்து உருண்டையாகிவிடுகிறது. அதற்கு வாய் கிடையாது, உடையாது, நாறாது. தோள், முதுகு, கை, தொடை என்று எங்கும் வரும். நாற்பது வயதுக்கு மேல் அதிகம் காணலாம். ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் உடம்பெல்லாம் நாலைந்து இருப்பதும் உண்டு. "கொழுப்புக் கட்டின்னா எண்ணெய் சாப்பாட்டை நிப்பாட்டினா கரைஞ்சிருமா?" என்று கேட்பார்கள். கரையாது. ஆள் மெலிந்தால் கட்டி இன்னும் துலக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். கொழுப்பு என்று பேர் இருப்பதால் இருதய வருத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் என்று எண்ணவும் வேண்டாம்.

விரலால் பார்ப்பது

கட்டிக்கு மேலே உள்ள தோலை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். கொழுப்புக் கட்டி என்றால் மேலே உள்ள தோல் தனியாக மடிந்து வரும், கட்டி கீழே தங்கிவிடும். ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மாவைத் தொடுவது போல மெத்தென்று இருக்கும். ஓரத்தை ஒரு விரலால் அமுக்கினால் வழுக்கி மறுபக்கம் ஓடும்.

தோல் பைக் கட்டி அப்படி வராது. பையின் வாய் தோலோடு ஒட்டியிருப்பதால் அந்த இடத்தில் தோலைத் தனியாகத் தூக்க முடியாது. கட்டியை நகர்த்தினால் தோலும் சேர்ந்தே நகரும். தொட்டால் உருண்டையாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி ஒன்று தெரியலாம். அதுதான் அடைபட்ட வாய். அந்தப் புள்ளி தெரிந்தால் அநேகமாக இது தோல் பைக் கட்டிதான் என்று சொல்லலாம். புள்ளி தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

தலையில் கூடைக் கயிறு படுகிற இடத்தில் வருகிற கட்டியும் இதற்குச் சொந்தக்காரன்தான். அதுவும் பைதான், முடியின் வேர்ப்பக்கத்தில் இருந்து உண்டாவது. கொஞ்சம் கெட்டியாக இருக்கும், புள்ளி பெரும்பாலும் தெரியாது. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும்.

விரல் பரிசோதனைக்கு ஓர் எல்லை உண்டு. நெற்றியில் தசைக்கு அடியில் இருக்கும் கொழுப்புக் கட்டி கல் மாதிரித் தெரிந்து டாக்டரையே யோசிக்க வைக்கும். அதனால்தான் வெட்டி எடுத்த கட்டியைச் சந்தேகம் இருந்தால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். உங்கள் விரல் சொல்வது முதல் குறிப்பு, முடிவு அல்ல. தினம் பத்துத் தரம் அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். அந்த அமுக்கலே தோல் பைக் கட்டிக்கு ஆகாது.

அக்காவுக்கு நடந்தது

கிளினிக்குப் போகாமல் நின்ற அந்த அக்காவின் கட்டியில் கறுப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் முதுகு தேய்த்துவிடும்போது, "அண்ணி, இதுல முளை இருக்கு, அமுக்கினா வந்துரும்" என்று இரண்டு பெருவிரலாலும் நெரித்திருக்கிறார். கொஞ்சம் வெள்ளை மா வெளியே வந்தது, வாடை அடித்தது, கட்டி பாதியாக வற்றியது. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஆனால் நெரிக்கும்போது வாய் வழியாக வந்தது கொஞ்சம்தான். பையின் சுவர் உள்ளே கிழிந்து மிச்சச் செதில் சதைக்குள் சிந்திவிட்டது. பைக்குள் இருக்கும்வரை அந்தச் செதிலை உடம்பு கண்டுகொள்ளாது. சதைக்குள் வந்தால் முள் ஏறின மாதிரி எதிர்க்கும். மூன்றாம் நாள் கட்டி முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு வீங்கி, சிவந்து, தொட முடியாத வலி. பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னபடி சுண்ணாம்பும் சவுக்காரமும் குழைத்து அப்பினார்கள். அது மேல்தோலைச் சுட்டுப் புண்ணாக்கியது. அதற்குப் பிறகு கிருமியும் சேர்ந்து, ஐந்தாம் நாள் காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மரக்கச் செய்து, கீறிச் சீழை வெளியேற்றினார்கள். பையை எடுக்கவில்லை. "கட்டி முழுசா எடுத்துட்டாங்களா?" என்று வீட்டில் கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. காரணம் இதுதான்: சீழ் பிடித்து வீங்கியிருக்கும் நேரத்தில் பையின் சுவர் ஊறின காகிதம் மாதிரி பிய்ந்து போகும். எது பை, எது சதை என்று பிரிக்க முடியாது. அந்த நேரத்தில் தோண்டினால் துண்டு உள்ளே தங்கிவிடும், காயமும் பெரிதாகும். அதனால் முதலில் சீழை விட்டு, வீக்கம் முழுவதும் ஆறிய பிறகு, ஒன்றரை இரண்டு மாதம் பொறுத்துப் பையை எடுப்பார்கள்.

கீறிய காயம் ஆற ஏறக்குறைய மூன்று வாரம் எடுத்தது. அத்தனை நாளும் மருந்து கட்டப் போய்வர வேண்டியிருந்தது. கூடை தூக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி போய்ப் பையைச் சுவரோடு சேர்த்து எடுத்துத் தையல் போட்டார்கள். அந்தத் தடவை முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, அன்றைக்கே வீடு வந்தார். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ஒரு நாள் பேர் போய்விடும் என்று நின்றவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் பேர் போனது. கட்டி அமைதியாக இருந்தபோதே போயிருந்தால் இந்தக் கடைசிப் பங்கு மட்டும்தான் இருந்திருக்கும்.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் விளங்குவதில்லை. அமுக்கி மாவை எடுத்தாலும், டாக்டரே கீறிச் சீழை எடுத்தாலும், பை உள்ளே இருக்கிறவரை கட்டி திரும்ப வரலாம். சுவரில் ஒரு துண்டு மிஞ்சினாலே அது மறுபடி செதிலை உண்டாக்கத் தொடங்கும். "வெட்டினேன், திரும்ப வந்துருச்சு, அப்ப இது கேன்சர்தான்" என்று பயப்படுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும், ஆனால் திரும்ப வந்தது என்பதால் மட்டும் கேன்சர் ஆகிவிடாது. வெறும் மாத்திரையாலும் பை கரையாது. மாத்திரை கிருமிக்குத்தான்.

அப்படியானால் எல்லாத் தோல் பைக் கட்டியையும் எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சின்னதாக, உரசாத இடத்தில், பல வருஷமாக ஒரே மாதிரி இருந்தால் அப்படியே விடலாம். கேன்சராக மாறுவது மிக மிக அபூர்வம். ஆனால் ஒருமுறை வீங்கி வலித்த கட்டி மறுமுறையும் வீங்கப் பார்க்கும். கூடையோ கயிறோ உரசுகிற இடத்தில் இருப்பது, முகத்தில் இருந்து மனதுக்குச் சங்கடம் கொடுப்பது, வளர்ந்துகொண்டே போவது, இவற்றை அமைதியாக இருக்கும் காலத்தில் எடுப்பதே என் அபிப்பிராயத்தில் புத்தி. கொழுந்து குறைந்த மாதமாகப் பார்த்து நாள் கேளுங்கள். அவசரமில்லாத சத்திரசிகிச்சை என்பதால் கிளினிக்கில் எப்படியும் ஒரு திகதி போட்டுத்தான் கொடுப்பார்கள்.

கணவருக்கு ஏன் வெட்டவில்லை?

கணவரின் கட்டியைக் கிளினிக் டாக்டர் தடவிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது, தோல் தனியாக மடிந்து வந்தது, ஓரம் விரலுக்கு வழுக்கியது. அளவு மூன்று சென்ரிமீற்றர். கையை முறுக்கச் சொல்லிப் பார்த்தார். தசை இறுகும்போதும் கட்டி மேலேயே இலகுவாக ஆடியது, அதாவது அது தசைக்கு மேலே, தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. "இதை விட்டுடலாம்" என்றார்.

நம் ஆளுக்குத் திருப்தி இல்லை. வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள் என்று முணுமுணுத்தார். ஆனால் டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொழுப்புக் கட்டி உடைந்து சீழ் வைப்பதில்லை. சாதாரணக் கொழுப்புக் கட்டி கேன்சராக மாறும் என்று பயப்பட வேண்டியதில்லை. வெட்டினால் கட்டி போய்த் தழும்பு வரும். தோளிலும், மேல் முதுகிலும், நெஞ்சிலும் சிலருக்குத் தழும்பு தடித்து அரிப்பெடுக்கும். வலிக்காத கட்டியைக் கொடுத்து அரிக்கிற தழும்பை வாங்குவது நல்ல வியாபாரமா?

எடுக்க வேண்டிய கொழுப்புக் கட்டியும் இருக்கிறது. அக்குளுக்குப் பக்கத்திலோ கூடை அழுத்துகிற இடத்திலோ இருந்து வேலைக்கு இடைஞ்சல் செய்தால் எடுக்கலாம். பக்கத்து நரம்பை அழுத்தி வலியோ விறைப்போ கொடுத்தாலும் எடுக்கலாம். இன்னொன்று பயம் சம்பந்தப்பட்டது. கொழுப்புக் கட்டி போலவே தெரிகிற, ஆனால் உண்மையில் சதைப் புற்றுநோயான கட்டி ஒன்று உண்டு. அது அபூர்வம், ஆனால் தவறவிடக்கூடாது. அதனால் கட்டி ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் போனாலும், சில மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரிய வளர்ந்தாலும், தசைக்குள் ஆழமாகப் பதிந்து அசையாமல் இருந்தாலும், மெத்தென்று இருந்தது கெட்டியானாலும், புதிதாக வலி தொடங்கினாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு தீர்மானிப்பார்கள். ஐந்து சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் நீளம்.

இந்தப் பாடத்துக்கு வெளியே உள்ள கட்டிகள்

சில இடத்துக் கட்டிகளை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மேலே சொன்ன கணக்கில் சேர்க்கக்கூடாது. மார்பில் வரும் எந்தக் கட்டியும் ஆணுக்கோ பெண்ணுக்கோ உடனே காட்ட வேண்டியது. கழுத்தின் பக்கம், அக்குள், கவட்டி ஆகிய இடங்களில் மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டி நெறிக்கட்டியாக இருக்கலாம். நாள்பட்ட இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பு மெலிவு இவற்றோடு வந்தால் காசநோய்க்கும் பார்க்க வேண்டும். கவட்டியில் இருமும்போது வெளியே தள்ளி, படுத்தால் உள்ளே போகிற வீக்கம் குடல் இறக்கம். காதுக்கு முன்னால் வரும் கட்டி எச்சில் சுரப்பியில் இருக்கலாம், அதற்குள் முகத்து நரம்பு ஓடுகிறது. பிள்ளைகளுக்கு மூக்குத் தண்டிலோ முதுகெலும்பின் நடுக்கோட்டிலோ பிறந்ததிலிருந்து இருக்கும் கட்டி உள்ளே ஆழமாகத் தொடர்பு வைத்திருக்கலாம். இவற்றில் யாரும் கத்தி வைக்க விடாதீர்கள், கீழே டவுனில் "பத்து நிமிஷத்தில் எடுத்துத் தாறேன்" என்கிற ஆட்களிடம் விசேஷமாக.

போகிற அன்றைக்கு

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பஸ் காசும், அன்றைய பேரும்தான் செலவு. டிஸ்பென்சரிக் கடிதத்தோடு போங்கள். கட்டி எப்போது தொடங்கியது, எப்போதாவது வீங்கியதா, இப்போது வளர்கிறதா என்ற மூன்றையும் டாக்டர் கேட்பார். சீனி வருத்தம் இருந்தால், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுத்தால், முன்பு ஏதாவது ஊசிக்கு உடம்பு ஏற்காமல் போயிருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகவேண்டாம்.

ஊசி ஏறும்போது கொஞ்சம் எரியும். பிறகு அமுக்குவது தெரியும், வலி தெரியாது. முதுகுத் தையல் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிப்பார்கள். முகத்தில் என்றால் அதற்கும் முந்தி. தையல் பிரித்த அன்றே தோல் பழைய பலத்துக்கு வந்துவிடாது. மறுநாளே நிறை கூடையை அதே இடத்தில் ஏற்றினால் காயம் வாய் பிளக்கும். எத்தனை நாளைக்குக் கூடை தூக்கக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டு, இலகு வேலைக்கு ஒரு துண்டு எழுதி வாங்கி வாருங்கள். வாய்ப் பேச்சைவிட அந்தத் துண்டு பிரட்டுக்களத்தில் செல்லும். காயம் சிவந்து, சூடாகி, சீழ் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ தையல் நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தால் முடிவு வரும் திகதியைக் கேட்டு, மறக்காமல் போய் வாங்குங்கள்.

வெட்டாமல் விட்ட கட்டிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கணவருக்கு நான் சொன்ன வழி இது: ஒரு நூலைக் கட்டியின் குறுக்கே வைத்து அளந்து, அடிமட்டத்தில் பார்த்து, அளவைச் சுவர்க் கலண்டரில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தைப்பொங்கலுக்கு மூன்று என்று எழுதியவர், சித்திரையிலும் மூன்று, ஆடியிலும் மூன்று என்று எழுதியிருக்கிறார். இப்போது நன்றாகத் தூங்குகிறாராம்.